மலையைவிட்டுவந்ததேன்

அறுபதுகளில் நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. வீட்டுக்குப் போகும் வழியில், தேரடி வீதி முனையில், ஜவ்வாது மலைக்காரர் ஒருவர் தேன் விற்பார். நரைத்த மீசை, தோளில் கம்பளி. பேச்சே கிடையாது. பலகையில் சாக்குக்கட்டி எழுத்து அழிய அழிய, இடமே விடாமல் திரும்ப எழுதுவார்: "மலையைவிட்டுவந்ததேன்."

எல்லோரும் "வந்த தேன்" என்று படித்து வாங்கிப் போனார்கள். ஒரு மாலை எனக்கு அது வேறு மாதிரி பிரிந்தது. "வந்தது", "ஏன்" இரண்டும் சேர்ந்தால் நடுவிலுள்ள உகரம் போய், அதே "வந்ததேன்"தானே வரும்?

"பெரியவரே, 'மலையை விட்டு வந்தது ஏன்'னும் இதைப் படிக்கலாமுங்களே?"

புட்டியைத் துடைத்த கை நின்றது. "இத்தினி வருசத்துல நீங்க ஒருத்தர்தாங்க அப்பிடிப் படிச்சீங்க."

"சரி, ஏன் வந்தீங்க?"

மறுபடி புட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். "நாளைக்கு வாங்க, சொல்றேன்."

மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேரே போனேன். பலகையில் "வந்த"வுக்கும் "தேன்"னுக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டிருந்தார்.

"தேன் வேணுங்களா?" என்றார், என்னை அதுவரை பார்த்தே இராதவர்போல.

வாங்கிக்கொண்டேன். பிறகு எத்தனையோ முறை அந்த வழியாகப் போனேன். அந்த நாலு விரல் இடத்தை அவர் மூடவே இல்லை.