நாற்பத்தோராவது இடம்

முப்பது வருட வேலையில் ஒரு கடிதத்தைக்கூடத் தொலைக்காத தபால்காரர் அவர். ஊர்த் தோட்டக் கிளப் காய்கறி போட வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுக்காக ஏழு வருடமாகக் காத்திருந்தார். காத்திருப்போர் பட்டியலில் போன வருடம் இரண்டாவது. இப்போது கிளப் செயலாளரின் கடிதத்தில் நாற்பத்தோராவது. கடைசி! கடிதத்தை மனைவியிடம் நீட்டினார்.

“விண்ணப்பித்த தேதிப்படிதான் வரிசை. ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிப்பு அட்டையை ஜனவரிக்குள் அனுப்பாதவர் கடைசிக்குப் போவார். உங்கள் அட்டை வரவில்லை” என்றது கடிதம்.

“அநியாயம்டி! மத்த நாப்பது அட்டையையும் நான்தானே செயலாளர் வீட்டுல கொண்டுபோய்ப் போட்டேன்!”

மனைவி அவருடைய தபால் பையைக் கவிழ்த்து உதறினாள். அடியிலிருந்து அவர் கையெழுத்துப் போட்ட அட்டை விழுந்தது.

“தினமும் அவர் வீட்டுக்குத்தானே போறேன், கையிலயே குடுத்துக்கறேன்னீங்களே!”

முப்பது வருடத்தில் அவர் கொண்டுபோய்ச் சேர்க்காத முதல் கடிதம்.