படத்துக்குள் இருந்த வாசகம்

எட்டாவதோடு நின்ற படிப்பைத் தனித்தேர்வு எழுதி முடித்தாள், திக்குவாயோடு பேசிப் பேசியே வாடிக்கையாளர்களைப் பிடித்தாள், இணையத்தில் நடக்கும் சோப்புக் கடையையும் காப்பாற்றினாள். தங்கையைப் பற்றி அண்ணன் இப்படித்தான் ஆரம்பிப்பார்.

ஆதாரமில்லாமல் ‘கிருமியைக் கொல்லும்’ என்று இனி எந்தப் பொருளுக்கும் போடக்கூடாது, மார்ச் பத்துக்குப் பிறகு ஒன்று கண்ணில் பட்டாலும் கடையை முடக்குவோம், சரிபார்த்ததாக உறுதிமொழி அனுப்புங்கள் என்று விற்பனைத் தளம் அறிவித்தது. அண்ணன் அறுநூற்றுப் பன்னிரண்டு பொருள்களின் விவரங்களையும் இறக்கி, அந்தச் சொல்லைத் தேடி, முப்பத்தொன்றைத் திருத்தினார்.

“முடிஞ்சுதும்மா. அனுப்பிடலாம்.”

“எழுத்துல தேடினே, சரி. படத்துல சோப்பு அட்டை மேல அச்சடிச்சிருக்கிறது தேடினா வருமாண்ணா?”

“அறுநூறு படத்தையும் பாக்கிறதா? கண்ணு அவிஞ்சிடும்!”

“உன் கண்ணு பத்திரமா இருக்கட்டும். நான் பாக்கிறேன்.”

நான்கு நாள் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள். பத்தொன்பது பழைய அட்டைகளில் அதே வாசகம் இருந்தது. அத்தனையையும் விற்பனையிலிருந்து நீக்கினாள்.

தளத்துக்கு அனுப்பும் உறுதிமொழியில் ‘சரிபார்த்தவர்’ என்று ஓர் இடம். கடைத் தாள்களில் அதுவரை அண்ணன்தான் கையெழுத்திடுவார்.

“பாத்தது நீ. நீயே போடு” என்று பேனாவை நீட்டினார்.

கடைத் தாளில் அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள், மார்ச் ஒன்பது.