தானே திறந்த போர்டு

"நான் மூடுன போர்டைத் திறக்க இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்" என்று அந்த எலெக்ட்ரீஷியன் தெருவுக்கே முழங்கியிருந்தார். சான்றிதழ் வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகுதான் தன் வேலையில் இருந்த தப்பு அவருக்குத் தெரிந்தது. எர்த் கம்பி இல்லாத வீட்டில் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியையே எர்த் முனையிலும் முடிந்துவிடுவது அவருடைய மகத்தான வித்தை. நியூட்ரல் அறுந்தால் இஸ்திரிப்பெட்டியின் உடம்பிலேயே மின்சாரம் ஏறிவிடும் என்றார் பயிற்சியாளர்.

வகுப்பு முடிந்ததும் நேராக, முன்பு அப்படி முடிந்துவிட்டிருந்த தையல்காரம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"கூப்பிட்டாலே வரமாட்டீங்க. இன்னிக்கு என்னண்ணே, கூப்பிடாமலே?"

"இஸ்திரி போடற பிளக்கைத் தப்பா மாட்டிட்டேம்மா. உசுருக்கே ஆபத்து. எர்த் கம்பி இழுக்கற வரைக்கும் அதுல எதையும் சொருகாதீங்க."

தையல்காரம்மா இஸ்திரிப்பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எலெக்ட்ரீஷியனுக்கு. மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்துவிட்டு, தான் மூடிய போர்டின் முதல் திருகாணியைக் கழற்றினார்.