மூன்று முறை கூப்பிட்டும் வராதவர்

டோக்கனைக் கையில் வாங்கிய மனிதனுக்கு அதற்கப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க என்ன வேலை? வெகுகாலம் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பிய ஆள் சர்க்கரை நோயாளி என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் அறிவின் ஆழம் உங்களுக்குப் புரியும்.

திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் புறநோயாளி பிரிவுக்கு நான் மேனேஜர். டோக்கன் முறை என் கைவண்ணம். வாசலிலேயே சிஸ்டர் ஒருவர் பிரஷர், நாடி, ஆக்ஸிஜன் பார்ப்பார். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் டோக்கனே கிடையாது, நேரே அவசரப் பிரிவு. மற்றவர்களில் அறுபது தாண்டியவர்களுக்குப் பச்சை டோக்கன், இளசுகளுக்கு வெள்ளை. ஒன்று மாற்றி ஒன்று கூப்பிடுவோம். அதில் இதுவரை யாரும் குறை சொல்லவில்லை. நான் கூடுதலாகச் சேர்த்த விதி ஒன்று உண்டு. மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால் வரிசையின் கடைசி. விடியற்காலையில் டோக்கன் போட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பிப் போய், சாவகாசமாகக் குளித்து, டிபன் முடித்து வந்து "என் நம்பரை எப்படி விடலாம்?" என்று கேட்கிறவர்களுக்காகப் போட்ட பூட்டு அது.

அந்த விதியைப் பற்றித்தான் புகார்கள் வந்தன. பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கே சுகர் பார்க்கணுமில்ல? பின்வாசல் வழியா வராம டோக்கன் வாங்கி உட்காருங்களேன்" என்றார்.

உட்கார்ந்தேன். முகக்கவசம், வெள்ளை டோக்கன், சுவரோரக் கடைசி நாற்காலி. வெளியே வரவேண்டுமென்றால் ஏழு ஜோடி முழங்கால்களைத் தாண்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முட்ட ஆரம்பித்தது. கழிப்பறை தெரிகிறது. நம்பர் காட்டும் திரையும் தெரிகிறது. என் நம்பருக்கு இன்னும் நாலு பேர். போனால் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார்கள். கால்மேல் கால் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். உள்ளே ஒரு நோயாளி டாக்டரிடம் தன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நோய் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர், கையில் பச்சை டோக்கன். என் நடனத்தைப் பார்த்துவிட்டார்.

"முட்டுதா சார்?"

"இல்லையே."

"பொய் சொல்லாதீங்கோ. போனவாட்டி நான் பட்டேன். போயிட்டு வர்றதுக்குள்ள நம்பர் போயிடுத்து. கடைசியில தள்ளிட்டா. டாக்டரும் கிளம்பிட்டார்."

"அடடா" என்றேன். முகக்கவசத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"எவனோ ஒரு பிரகஸ்பதி போட்ட ரூல். அவனுக்கு மூத்திரப்பையே கிடையாதுபோல."

"இருக்கு... இருக்கும்" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று மூச்சாக மாறியது. முதலில் என்னைக் கேலி செய்து பெருமூச்சு விடுகிறார் என்றே நினைத்தேன். மறுபடி பேச வந்தவர், ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினார்.

"இந்தவாட்டி... நான் உஷார். இருதயத்துக்கு... ஒண்ணுக்குப் போற மாத்திரை... தருவாளோல்லியோ? மூணு நாளா... போடலை. இப்ப முட்டவே... இல்லை, பாருங்கோ."

பார்த்தேன். வேட்டிக்குக் கீழே கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. போகாத தண்ணீரெல்லாம் உடம்புக்குள்ளேயே தங்கியிருந்தது. காலையில் வாசலில் அளந்தபோது எல்லாம் சரியாக இருந்திருக்கும். அதற்கப்புறம் அவரை மறுபடி யாரும் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று என் முறையில் எங்கேயும் இல்லை.

"சிஸ்டர்!" என்று கத்தினேன். கத்தியதாக நினைத்தேன், கீச்சென்றுதான் வந்தது. எழுந்து முழங்கால்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டேன்.

"யோவ், எங்க நுழையறே? உன் நம்பர் என்ன?" என்று முறைத்தார் ஒரு முழங்கால்காரர்.

"எனக்கில்லைங்க, இவருக்கு!"

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. உட்காருய்யா."

முகக்கவசத்தைக் கழற்றினேன். மேனேஜர் என்று தெரிந்ததும் வழிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "ஓ, அந்த ரூல் போட்டவர் நீங்கதானா?" என்று இன்னும் நெருங்கி வந்தார்கள்.

நல்லவேளையாகச் சத்தம் கேட்டு சிஸ்டரே வந்துவிட்டார். பெரியவரின் விரலில் கிளிப்பை மாட்டினார். ஆக்ஸிஜன் எண்பத்தாறு, தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. "வீல்சேர்!" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மற்ற ஆறு ஜோடி முழங்கால்களும் ஒதுங்கின. என்னை முறைத்தவரே எழுந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் மட்டும் வர மறுத்தார். டோக்கனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அடுத்தது... நான்தான்" என்றார். "உங்க இடம் எங்கயும் போகாதுங்க, நான் பொறுப்பு" என்றேன். நம்பாமல்தான் பார்த்தார். சிஸ்டர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவசரப் பிரிவில் ஆக்ஸிஜன் வைத்து, நீர் இறங்க ஊசி போட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அன்றே வார்டில் சேர்த்து, அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போதெல்லாம் கூப்பிடும்போது இல்லாதவர் திரும்பி வந்தால், கடைசிக்குத் தள்ளாமல் இரண்டு பேருக்குப் பிறகு உள்ளே அனுப்புகிறோம். காத்திருப்பவர்களை சிஸ்டர் இடையிடையே மறுபடி பார்க்கிறார்.