கூடவே, அதனால

அந்தக் கட்டுரையை வகுப்பில் வாசிக்கக் கொடுத்தபோது, அதில் என் அம்மாவும் இருக்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சமூகவியலில் எனக்கு அது மூன்றாம் ஆண்டு. ஆய்விதழ்களில் வெளிவந்த கட்டுரைகளை வாரம் ஒன்றாக வாசித்து, அவை சொல்வதை நம்பலாமா என்று பேசுவதுதான் அந்த வகுப்பு. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் தாய்மார் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பு எப்படி இருக்கிறது என்பது அந்த வாரக் கட்டுரையின் விஷயம். எழுதியவர் எங்கள் துறையிலேயே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு ஆண்டுகள் அவரோடு ஒரே வாடகை வீட்டில் இருந்தேன்.

அக்கா யாழ்ப்பாணத்து வம்சாவளி. அப்பா மருத்துவர், அம்மா வழக்கறிஞர். நான் ஜொகூரின் பாலோ என்ற சிற்றூரில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களின் பேத்தி. அந்த வித்தியாசத்தை அவர் ஒருநாளும் காட்டியதில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து ஆங்கிலப் பாடத்தில் தடுமாறிய எங்களைச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரவைத்துத் தமிழிலேயே சொல்லிக்கொடுப்பார். புள்ளியியல் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. அவர் ஒரு தாளில் இரண்டே சொற்களை எழுதினார்: கூடவே, அதனால.

“கொசுவத்தி நிறைய கொளுத்துற வீட்டுல டிங்கி காய்ச்சல் அதிகம்னு ஒரு ஆய்வு சொல்லுதுன்னு வச்சுக்கோ. கொசுவத்தியா டிங்கி குடுக்குது?”

“இல்லக்கா. கொசு ஜாஸ்தியா இருக்கு. அதனாலதான் கொசுவத்தியும் கொளுத்துறாங்க, காய்ச்சலும் வருது.”

“அவ்ளோதான் லா. ரெண்டும் கூடவே வருது. ஒண்ணால இன்னொண்ணு வந்துச்சுன்னு சொல்லணும்னா வேற சாட்சி வேணும். எது முதல்ல வந்துச்சு, ரெண்டுக்கும் பின்னால மூணாவதா ஏதாவது இருக்கா, பார்க்கணும்.”

அதற்குப் பிறகு நான் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் அந்த இரண்டு சொற்களைத்தான் தேடினேன்.

அக்கா தன் ஆய்வுக்குக் குடும்பங்களைத் தேடியபோது நான்தான் பாலோவுக்கு அழைத்துப்போனேன். எங்கள் வீட்டு வரிசையில் பல வீடுகளில் தாய்மார் எல்லையோர ஜொகூர் பாருவில் சேர்ந்து அறையெடுத்துத் தங்கி, தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், விடுமுறை நாளில் வீட்டுக்கு வருவார்கள். என் அம்மாவும் அப்படித்தான், ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில். அக்கா எங்கள் வீட்டில் தங்கினார். அம்மா அவருக்கு நெத்திலி சம்பல் செய்து போட்டார். தன் ஓய்வு நாளில் வீடு வீடாகக் கூடவே போய், “நம்ம புள்ளதான், தைரியமா சொல்லுங்க” என்றார்.

எதிர்வீட்டு அத்தை முதலில் தயங்கினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மகன் பதினாறு வயதில், நான்காம் படிவத்திலேயே பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்ததும் அவன் கார் கழுவும் கடையில் நின்றான். அதற்குப் பிறகுதான் அத்தை சிங்கப்பூருக்குப் போனார், அவனை எப்படியாவது மெக்கானிக் படிப்பில் சேர்க்கவேண்டும் என்று. சொல்லும்போது அழுதார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

வகுப்பில் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்தேன். தாயின் இடம்பெயர்ந்த வேலை பிள்ளைகளின் கல்வியைப் பாதிக்கிறது, இடைநிற்றலுக்குக் காரணமாகிறது என்று இருந்தது. இன்னொரு முறை படித்தேன். அட்டவணைகளுக்குப் போனேன். ஒரே ஒரு முறை எடுத்த கணக்கெடுப்பு. அம்மா வெளியே வேலை பார்க்கும் வீடுகளில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் அதிகம் என்பது மட்டும்தான் அதில் தெரிந்தது. பிள்ளை நிறுத்தியது முன்பா, அம்மா போனது முன்பா என்று எங்கும் பிரித்துப் பார்க்கவில்லை. அப்பாவின் நோய், வேலையிழப்பு எதையும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அவற்றையெல்லாம் அக்கா கேட்டார். கேட்டதை நான் பார்த்தேன்.

விரிவுரையாளர் கருத்துக் கேட்டார். முன்வரிசையில் ஒரு பையன், “பாவம் அந்தப் பிள்ளைங்க” என்றான். ‘நான் அப்படி ஒரு பிள்ளைதான், படித்துத்தானே வந்திருக்கிறேன்’ என்று கத்தத் தோன்றியது. ஆனால் நான் ஒருத்தி படித்தது எதையும் நிரூபிக்காது. அதைச் சொல்லிக்கொடுத்ததும் அக்காதான். அதனால் தரவில் என்ன இல்லை என்பதை மட்டும் சொன்னேன். விரிவுரையாளர், “சரியான கேள்வி” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

அன்று சாயங்காலம் அக்காவைக் கேண்டீனில் பிடித்தேன்.

“அக்கா, எதிர்வீட்டு அத்தை பையன் எப்ப நிறுத்தினான்னு உங்களுக்குத் தெரியும்ல?”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “தெரியும்.”

“அப்புறம் எப்படிக்கா ‘காரணம்’னு போட்டீங்க?”

“முதல்ல ‘தொடர்பு’ன்னுதான் எழுதினேன். புதுசா ஒண்ணும் இல்லன்னு ரெண்டு இதழ் திருப்பி அனுப்பிட்டாங்க. எது முதல்லன்னு பிரிச்சா எண்ணிக்கை ரொம்பக் கொறஞ்சிடுது, எந்த முடிவுமே நிக்கல. எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்கம்மா. உள்ள ஒரு வரி போட்டிருக்கேன், பாத்தியா? ‘மேலும் ஆய்வு தேவை’ன்னு.”

“அந்த வரிய எங்க ஊர்ல யாரு படிப்பா?”

அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டார். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். எனக்குப் புரியவைத்த அதே ஆள், புரிந்தே செய்திருந்தார். அந்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போனேன்.

சில வாரங்களில் ஒரு தமிழ் நாளிதழ் அந்தக் கட்டுரையை எடுத்துப் போட்டது. தலைப்பில் ‘பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் தாய்மார்’ என்றிருந்தது. யாரோ அதைப் பாலோவின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்கள். அம்மா போன் செய்தார்.

“அந்தப் பொண்ணு எழுதினதாடி இது? நம்ம வீட்ல சாப்பிட்ட பொண்ணா?”

“ஆமாம்மா.”

“நாந்தானே எல்லார் வீட்டுக்கும் கூட்டிட்டுப் போனேன்.” அம்மா போனை வைத்துவிட்டார்.

நான் ஆய்விதழின் ஆசிரியர் குழுவுக்கு எழுதினேன். எந்த அட்டவணை எதைக் காட்டவில்லை, எது முன்பு எது பின்பு என்ற கேள்வி ஏன் முக்கியம் என்று விளக்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு இணையத்தில் ஒரு திருத்தம் வந்தது. ‘காரணமாகிறது’ என்பது ‘தொடர்புடையது’ என்று மாறியிருந்தது. அதற்குள் அக்காவுக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்துவிட்டது. நாளிதழ் எதையும் திருத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்குப் போய், திருத்தம் வந்ததை அத்தையிடம் சொன்னேன். அவர் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே கேட்டார்.

“அப்ப நான் போனதால அவன் படிப்பு கெடலன்னு எழுதிட்டாங்களா?”

“அப்படி எழுதல அத்தை. போனதாலதான்னு சொல்ல அவங்ககிட்ட ஆதாரம் இல்லன்னு ஒத்துக்கிட்டாங்க. உங்க விஷயத்துல அவன் முன்னாடியே நிறுத்திட்டான். பின்னால நடந்தது முன்னால நடந்ததுக்குக் காரணமா இருக்க முடியாது.”

“அது எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அதத்தானே அழுதுகிட்டுச் சொன்னேன்.” கேட்டின் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். “நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்த.”

அவர் உள்ளே போய்விட்டார். அம்மா வாசலில் காத்திருந்தார். பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப நான் கட்டிவைத்திருந்த பையை நீட்டினார். இருவரும் ரயில் நிலையம்வரை நடந்தோம்.