பகல் ஷிப்ட் மட்டும்

மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் வேலை எனக்கு. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். விளம்பரம் எழுதுவது, போன் எடுப்பது, நேர்காணலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் நானேதான்.

தரம் சரிபார்க்கும் எங்கள் கியூசி அறையில் ஓர் அக்கா இருக்கிறார். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, அரிசியைவிடச் சின்னப் பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். கூட இருந்த இரண்டு பேரும் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து அலோர் ஸ்டாரில் இருக்கும் அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகன் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ரோட்டில்தான். அம்மாவை விட்டால் அந்தப் பெண்ணுக்கு வேறு துணை கிடையாது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் கறாராகச் சொல்லிவிட்டார்: "புது ஆள் வந்து, பழகி, தனியா பார்க்கத் தெரிஞ்சாத்தான் உங்கள லீவுல விட முடியும். இல்லன்னா பெண்டிங்."

அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். "ரெண்டு பேரு புடிச்சுக் குடுத்துரும்மா. பொண்ணு தெனமும் போன் போட்டு, எப்பம்மா வர்றேன்னு கேக்குறா."

நான் உற்சாகமாக உட்கார்ந்து எழுதினேன். தலைமையகம் அனுப்பிய பதவிப் பட்டியலில் அந்த வேலைக்கு இருந்த பெயரையே தலைப்பாகப் போட்டேன்: 'தர உறுதி இணையர், முதல் நிலை'. முதல் வரி: 'வேகமாக வளரும் எங்கள் குடும்பத்தில் இணைந்து ஒளிமயமான எதிர்காலத்தை நோக்கிப் பயணிக்க வாருங்கள்!' போஸ்ட் மலாயில்தான். இப்போது தமிழில் எழுதிப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் கூசுகிறது. என்ன வேலை, என்ன நேரம், பஸ் உண்டா என்பதெல்லாம் கீழே, 'மேலும் பார்க்க' என்பதைத் தட்டினால்தான் தெரியும்.

வட்டாரத்து வேலைக் குழுக்களில் போட்டேன். என் சொந்தப் பக்கத்திலும் பகிர்ந்தேன். லைக் கொட்டியது. சித்தப்பா பிள்ளைகள், பள்ளித் தோழிகள், அண்ணனின் காவடிக் குழு முழுவதும் வந்து கட்டை விரலைத் தூக்கிவிட்டுப் போனார்கள். நான் தலைகால் புரியாமல் மேனேஜரிடம் போய்க் காட்டினேன். அவரும் "பரவால்லியே!" என்றார்.

விண்ணப்பங்கள் வந்தன. பினாங்கில் பட்டம் முடித்தவர்கள் வந்தார்கள். மைக்ரோஸ்கோப் என்றதும் முகம் தொங்கிப் போனது. ஷிப்டும், ஓடி என்கிற ஓவர்டைமும் அடித்துச் சம்பாதிக்கிற பையன்கள் வந்தார்கள். ராத்திரி வேலை இல்லை என்றதும், "ஓடி இல்லையா? அப்ப வேணாம் லா" என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பெட்ரோல் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் வரவழைத்தது நான்தானே. கியூசி அக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திகாம் பத்துவில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி மீன் கழுவிக்கொண்டே குறைபட்டுக்கொண்டார். கடைசிப் பிள்ளையும் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டதாம், வேலை தேடுகிறாராம், எங்கே கேட்டாலும் 'ஷிப்ட் மாலாம்' என்கிற ராத்திரி வேலைதானாம்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்க கம்பெனி போஸ்ட்ட பாக்கலியா அண்ணி? லைக் போட்டிருந்தீங்களே!"

"நீ போட்டதாச்சே, போடாம இருப்பனா? ஆனா படிக்கல. தலைப்பப் பார்த்தேன், டிகிரி படிச்சவங்களுக்கு போலன்னு நெனச்சேன். அடியில குடும்பத்துல வந்து சேருன்னு என்னமோ இருந்துச்சு. எனக்கே ஒரு குடும்பம் இருக்கு லா, அது பத்தாதா?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எனக்கு வேண்டிய ஆள் அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, தனக்கில்லை என்று மரியாதையாக ஒரு லைக் வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறார். அவரைப்போல் இன்னும் எத்தனை பேரோ!

என் போனை அவர் கையில் கொடுத்து, வேலைக் குழுவில் இருந்த மற்ற விளம்பரங்களைத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். விரல் நிற்காமல் ஓடியது. தலைப்பு, முதல் ஒன்றிரண்டு வரி, அவ்வளவுதான் அவர் கண்ணில் பட்டது. ஊர்ப் பெயரும் நேரமும் தெரிந்த இடத்தில் மட்டும் விரல் நின்றது.

மறுநாள் காலையில் புதிதாக எழுதினேன். தலைப்பு: 'கியூசி ஆப்பரேட்டர், மைக்ரோஸ்கோப், கூலிம்'. முதல் வரி: 'பகல் ஷிப்ட் மட்டும், திங்கள் முதல் வெள்ளி வரை, திகாம் பத்து, சுங்கை பட்டாணியிலிருந்து கம்பெனி பஸ் உண்டு.' அடுத்த வரி: 'நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை, ஓடி இல்லை, அனுபவம் தேவையில்லை, பழக்கித் தருவோம்.' சம்பளமும் விண்ணப்பிக்கும் வழியும் அதன்கீழ். குடும்பத்தையும் ஒளிமயத்தையும் தூக்கிக் கடாசினேன்.

மேனேஜர் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "ஆப்பரேட்டர்னு போட்டா சாதாரணமா இருக்கே. அதோட, ஓடி இல்லன்னு நாமளே சொன்னா எவன் வருவான்?"

"வர்ற ஆளுங்க வந்து திரும்பிப் போறாங்களே சார். அவங்க விளம்பரத்துலயே தெரிஞ்சிக்கட்டும். பகல் வேலைதான் வேணும்னு தேடுறவங்க கண்ணுல இது படட்டும். அந்தப் பெரிய பேர வேலைக் கடிதத்துல போட்டுக்கலாம்."

அவர் கியூசி அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "சரி, போடு" என்றார்.

இந்த முறை லைக் பரிதாபமாக இருந்தது. காவடிக் குழுகூடக் கைவிட்டுவிட்டது. ஆனால் மத்தியானத்துக்குள் விண்ணப்பங்கள் வர ஆரம்பித்தன. பேசிய ஒருவர்கூட என்ன வேலை என்று கேட்கவில்லை. "பஸ் எத்தன மணிக்கு வரும்?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கக் கேட்க எனக்கு மனசு குளிர்ந்தது. வேலைக்கு வருவதாகவே முடிவு செய்தவர்தான் பஸ்ஸைப் பற்றிக் கேட்பார்.

அண்ணியும் விண்ணப்பித்தார். அவர் என் அண்ணி என்று மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நேர்காணல் அறைக்குள் நான் போகவில்லை. மேனேஜரும் கியூசி அக்காவும்தான் பார்த்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் உட்கார வைத்து, நல்ல பாகத்தையும் கீறல் விழுந்ததையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொன்னார்களாம். அண்ணியும், சுங்கை பட்டாணியில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இளைஞரும் தேர்வானார்கள். அவரும் ராத்திரியில் வீட்டில் இருந்தாக வேண்டும்.

அக்கா இரண்டு பேரையும் பக்கத்திலேயே வைத்துப் பழக்கினார். அவர் சரிபார்க்காமலே ஒரு தட்டு முழுவதையும் இருவரும் பிழையில்லாமல் பிரித்த அன்று, மேனேஜர் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அக்கா பையும் கையுமாக என் மேசைக்கு வந்து என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அலோர் ஸ்டாருக்குக் கிளம்பினார்.

ஒரு காலையில், நான் காப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. அக்காவின் செய்தி. அவருடைய செய்திகளை எல்லோரும் அறிவோம். வணக்கத்தில் ஆரம்பித்து, சாமி படம், பூங்கொத்து எல்லாம் தாண்டித்தான் விஷயத்துக்கு வருவார். இதில் அப்படி ஒன்றுமே இல்லை. போனைத் திறக்காமலே திரையில் முழுதாகத் தெரிந்தது.

'பேத்தி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நான் பக்கத்துலயே இருந்தேன்.'