தடுத்து வைத்த பதினெட்டு மூட்டைகள்

ஒஸ்லோவில் ஒரு ஜாம் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் வாங்கிப் போடுவது என் வேலை. பழமும் சீனியும் எங்கேயும் கிடைக்கும். ஜாமை இறுக வைக்கும் பெக்டின் தூள்தான் வில்லங்கம் பிடித்தது. அதை எங்களுக்குத் தந்தது ஒரேயொரு கம்பெனி. அது ஒருமுறை பிந்தியபோது இயந்திரம் நின்றது. போத்தல் நிரப்பும் ஆறு பெண்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி அப்படி நடக்க விடுவதில்லை என்று வைராக்கியம் கொண்டேன்.

இரண்டாவது கம்பெனி ஒன்றைப் பிடித்தேன். கம்பெனிக்குக் கம்பெனி தூள் வேறு விதமாக இறுக்கும் என்பதால், ஒருநாள் இயந்திரத்தை ஒதுக்கிக் காய்ச்சிப் பார்க்க வேண்டும். முகாமையாளர் அந்த ஒரு நாளை இரண்டு வருடமாகத் தேடினார். ஈஸ்டர் வந்தது, கோடை விடுமுறை வந்தது, வெள்ளிக்கிழமைதோறும் எல்லோருக்கும் வெட்டும் கேக் தவறாமல் வந்தது. அந்த நாள் மட்டும் வரவில்லை.

சரி, கையிருப்பாவது வைப்போம் என்றேன். சரக்கு வழக்கமாக நாலு வாரத்தில் வரும். பிந்தினால் பத்து வாரம். இடையிலுள்ள ஆறு வாரத்துக்கு, வாரம் மூன்றாகப் பதினெட்டு மூட்டை வாங்கி அடுக்கினேன். சும்மாதானே கிடக்கிறது என்று உற்பத்திப் பிரிவு அதை எடுத்துப் பாவித்தது. மறுபடி நிரப்பினேன். மறுபடி எடுத்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவளுக்கு ஒளிக்கத் தெரியாதா? மூன்றாம் முறை நிரப்பியதும், ‘ஈரம் பட்டதாகச் சந்தேகம், பாவிக்கக்கூடாது’ என்று கணினியில் பதிந்துவிட்டேன். அதன்பின் ஒருவரும் தொடவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இலையுதிர்காலத்தில் எங்கும் பெக்டினுக்குத் தட்டுப்பாடு வந்தது. இரண்டாவது கம்பெனிக்கு ஓடினோம். இருப்பதைப் பழைய வாடிக்கையாளர்களுக்கே பங்கிடுகிறோம், நீங்கள் ஒரு மூட்டைகூட வாங்கியதில்லையே என்றார்கள். முகாமையாளரின் முகம் வெளிறியது. நான் உள்ளூரச் சிரித்தபடி களஞ்சியத்துக்குப் போனேன். மூட்டைகள் அடுக்கிய தட்டு வெறுமையாக இருந்தது.

தரக்கட்டுப்பாட்டைப் பார்ப்பவளும் தமிழ்ப்பிள்ளைதான். இங்கே பிறந்தவள், விதி என்றால் விதி.

“அந்த ஈரம் பட்ட மூட்டையளோ அக்கா? தொண்ணூறு நாள் தாண்டினா அழிக்கோணும். எரிக்கக் குடுத்திட்டன்.”

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமெல்லோ?”

“மூண்டு மெயில் போட்டனான். நீங்கள் பதிலே போடேல்லை.”

ஓம், போடவில்லை. போட்டால் பொய் வெளியே வந்துவிடும் என்று பார்த்தும் பாராமல் விட்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு பெண்களையும் மறுபடி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, முகாமையாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கணினிப் பதிவின்படி, பழுதான தூளை நான் நேரத்தோடு கண்டுபிடித்துக் கம்பெனியின் பெயரைக் காப்பாற்றினேனாம். அவர்களும் கைதட்டினார்கள். நான் நன்றி சொன்னேன்.